மணித்தியால விற்பனைத் தொகை: பிந்தி அனுப்பும் கிளையைப் பூச்சியமாக எடுப்பதா, காத்திருப்பதா?

ஓர்ஸ்ஹில்_கணக்கு
வணக்கம். எங்களுக்கு ஏழு சாப்பாட்டுக் கடைகள்: மெயின் ஸ்ட்ரீட், உட்துறைமுக வீதி, உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர், கந்தளாய். ஒவ்வொரு மணித்தியாலம் முடிந்ததும் கிளையின் பில் அடிக்கிற கணனி அந்த மணியின் மொத்தத்தை ஹெட் ஒஃபிசுக்கு அனுப்பும். 14:15க்கு எல்லாவற்றையும் சேர்த்து மையச் சமையலறைக்கு ஒரு அறிக்கை போகும். அதைப் பார்த்துத்தான் பின்னேரம் 4 மணி வானில் எந்தக் கடைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கோழிக்கறி என்று ஏற்றுகிறார்கள்.

சனிக்கிழமை நிலாவெளியில் 12:10இலிருந்து 15:00 வரை லைன் இல்லை. வியாபாரம் வழமை போல நடந்தது. அறிக்கையில் 12 மணிக்கும் 13 மணிக்கும் 0 என்று விழுந்தது, ஆகவே வானில் நிலாவெளியின் பங்கைக் குறைத்து ஏற்றிவிட்டார்கள். இரவு கொத்துக்கு ரொட்டி போதவில்லை. 15:05க்கு 14 மணியின் தொகை 38,250 ரூபா ஒழுங்காக வந்தது. சிக்கியிருந்த இரண்டு மணிகளையும் 16:20க்குக் கையால் அனுப்பினார்கள். அவை 15 மணியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன. உண்மையில் 21,600 விற்ற மணிக்கு 140,950 காட்டுது.

இதை எப்படிச் சரிக்கட்டுவது? 14:15 அறிக்கையைப் பிந்தி எடுக்க வழியில்லை, வான் காத்து நிற்காது.

உப்புவெளி_சர்வீஸ்
இதுக்கு லேசான வழி இருக்கு. வராத கிளைக்குப் போன கிழமை அதே நாள், அதே மணியின் தொகையை எடுத்துப் போடச் சொல்லுங்க. போன சனி நிலாவெளியில் 13 மணிக்கு 66,000 என்றால் இந்தச் சனியும் 66,000. அறிக்கை முழுசா வரும், சமையலறையும் குழம்பாது. பிறகு உண்மைத் தொகை வந்தா அதுக்கு மேல எழுதிவிடலாம்.

துறைமுக_வயர்
உங்களிடம் இரண்டு பிழைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொகை எந்த மணிக்குரியது என்பதை அது வந்து சேர்ந்த நேரத்தை வைத்து உங்கள் சேர்வர் முடிவு செய்கிறது. நேரத்துக்கு வரும் வரைக்கும் இது வெளியே தெரியாது. பிந்தினால் உடனே அம்பலமாகும். 140,950 அப்படி வந்ததுதான். கிளை அனுப்புகிற ஒவ்வொரு செய்தியிலும் "இது நிலாவெளி, இந்த வியாபார நாள், 13 மணி, 1ஆம் கவுண்டர்" என்று எழுதியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வந்தாலும், அடுத்த நாள் வந்தாலும் அது 13ஆம் மணியின் பெட்டிக்குத்தான் போக வேண்டும். வந்த நேரத்தையும் தனி நிரலில் வைத்திருங்கள், எந்தக் கிளை எவ்வளவு பிந்துகிறது என்று பார்க்க உதவும்.

இரண்டாவது, வராததையும் பூச்சியத்தையும் ஒன்றாக எடுக்கிறீர்கள். விற்பனையே இல்லாத மணிக்கும் கிளை "0 பில், 0 ரூபா" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். அப்படி ஒரு விதி இருந்தால்தான் வரி இல்லாததற்கு "தெரியாது" என்ற ஒரே அர்த்தம் வரும். அறிக்கையில் அந்த இடத்தில் 0 போடாமல் கோடு போடுங்கள்.

உப்புவெளி சொன்ன யோசனையில் பாதி சரி. மதிப்பீடு வேண்டும்தான். ஆனால் மதிப்பீட்டை உண்மைத் தொகையின் நிரலிலேயே எழுதினால், மாத முடிவில் எது விற்றது, எது நாங்கள் ஊகித்தது என்று பிரிக்க முடியாது. உண்மைத் தொகை கடைசி வரை வராமலே போனால் ஊகம் வருமானமாக நின்றுவிடும். அதற்குத் தனி அட்டவணை வேண்டும்.

ஓர்ஸ்ஹில்_கணக்கு
விளங்குது. இன்னொரு சந்தேகம். சில நேரம் ஒரே மணியின் தொகை இரண்டு தரம் ஏறுது. மூதூரில் அடிக்கடி. கிளையில் கேட்டால் ஒரு தரம்தான் அனுப்பினோம் என்கிறார்கள்.

துறைமுக_வயர்
அவர்கள் சொல்வது அவர்கள் பக்கத்தில் உண்மை. கிளை அனுப்புகிறது, நீங்கள் பதிந்துவிடுகிறீர்கள், "கிடைத்தது" என்று உங்கள் சேர்வர் திருப்பி அனுப்பும் பதில் வழியில் லைன் அறுந்து தொலைகிறது. கிளையின் மென்பொருள் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். அது செய்ய வேண்டிய வேலையே அதுதான். பதில் வரும் வரைக்கும் செய்தியை அழிக்கக் கூடாது. நீங்கள் வெறும் `INSERT` வைத்திருப்பதால் இரண்டும் ஏறுகிறது.

கிளை, வியாபார நாள், மணி, கவுண்டர் ஆகிய நான்கையும் சேர்த்துத் தனிச் சாவி ஒன்று வையுங்கள். அதே சாவியில் மறுபடி வந்தால் கூட்டக் கூடாது, மேல் எழுத வேண்டும். ஆனால் பழைய செய்தி பிந்தி வந்து புதியதை அழித்துவிடாமல் இருக்க ஒரு திருத்த இலக்கமும் வேண்டும். கிளை அந்த மணியைத் தன் பில்களிலிருந்து மறுபடி கூட்டித் தொகை மாறியிருந்தால் `rev` ஒன்று கூடும்.

```sql
INSERT INTO hourly_sales
 (outlet, biz_date, hr, till, bills, net, cum_net, rev)
VALUES ('NIL','2025-08-09',13,1,41,69450,193650,2)
ON DUPLICATE KEY UPDATE
 bills   = IF(VALUES(rev) > rev, VALUES(bills), bills),
 net     = IF(VALUES(rev) > rev, VALUES(net), net),
 cum_net = IF(VALUES(rev) > rev, VALUES(cum_net), cum_net),
 rev     = GREATEST(rev, VALUES(rev));
```

`rev` வரி கடைசியில் இருப்பது தற்செயல் இல்லை. மைஎஸ்கியூஎல் இந்த வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்கிறது. `rev`ஐ முதல் வரியாக எழுதினால், அடுத்த வரிக்கு வரும்போது பழைய இலக்கம் ஏற்கனவே புதியதாக மாறியிருக்கும். `>` என்ற ஒப்பீடு ஒருபோதும் சரிவராது. திருத்த இலக்கம் மட்டும் ஏறும், தொகை பழையதாகவே நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இதிலே ஒரு பொறியும் இருக்கிறது. கிளையின் கணனி பழுதாகி மென்பொருளைப் புதிதாகப் போட்டால் `rev` 1இலிருந்து தொடங்கும். அன்றைக்கு ஏற்கனவே 2, 3 என்று பதிந்த மணிகளைத் திருத்தி அனுப்பினால் உங்கள் சேர்வர் சத்தமில்லாமல் தள்ளிவிடும். புதிதாகப் போட்டவுடன் ஹெட் ஒஃபிஸில் இருக்கும் ஆகக்கூடிய இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு மேலிருந்து எண்ணச் சொல்லுங்கள். தள்ளப்படுவதைக் கண்டுபிடிக்கலாம்: சாதாரண அமைப்பில் இந்தக் கட்டளை புது வரிக்கு 1, மாறிய வரிக்கு 2, மாறாத வரிக்கு 0 என்று திருப்பித் தரும். ஒரு கிளையிலிருந்து தொடர்ந்து 0 வந்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

இரவுக்கடை
எங்கட பக்கத்திலும் இந்தப் பிரச்சினை. உப்புவெளியில் சீசன் நேரம், மே தொடங்கி ஒக்டோபர் வரை, கடை இரவு 1 மணி தாண்டித்தான் பூட்டும். பிந்திப் பூட்டுகிற கடையின் கடைசித் தொகை அடுத்த நாள் திகதியில் விழுது. 12க்கே நாளை மூடச் சொல்லி காசாளரிடம் சொல்வதுதான் வழியா?

துறைமுக_வயர்
இங்கே கேட்பது பிந்தி வரும் செய்தியைப் பற்றி, உங்களுடையது பிந்திப் பூட்டும் கடை. ஆனாலும் விடை சுருக்கமானது. நள்ளிரவில் மூட வேண்டாம். வியாபார நாள் என்பதைத் திகதியிலிருந்து பிரியுங்கள். விடிய 5 மணிக்கு நாள் மாறும் என்று எல்லாக் கிளைக்கும் ஒரே வெட்டு வைத்தால், 0 மணியும் 1 மணியும் முந்திய நாளோடு நிற்கும். காலை ஆறு மணிக்கு அப்பம், இடியப்பத்துக்குத் திறக்கும் கடைக்கும் அது இடைஞ்சல் இல்லை. அதனால்தான் மேலே `biz_date` என்று எழுதினேன்.

கந்தளாய்_பேக்கரி
நான் சின்ன ஆள். ஒரு பேக்கரி, ஒரு கவுண்டர், சேர்வர் ஒன்றும் இல்லை. முதலாளி திருகோணமலை டவுனில். மணிக்கு ஒரு தரம் மெஷினில் எக்ஸ் ரிப்போர்ட் அடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோம். அதில் காலையிலிருந்து அந்த நேரம் வரைக்குமான மொத்தம் இருக்கும். முதலாளி முந்தின போட்டோவைக் கழித்து அந்த மணிக்கு எவ்வளவு என்று பார்ப்பார். ஒரு போட்டோ தவறினாலும் அடுத்ததில் எல்லாம் சேர்ந்து வந்துவிடும், காசு காணாமல் போகாது. உங்கள் ஏழு கடைக்கும் இது சரிவருமா தெரியாது.

ஒன்று மட்டும் புதுப் பொடியன்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கு: இசட் அடிக்கக் கூடாது. இசட் அடித்தால் மெஷின் பூச்சியத்துக்குப் போய்விடும், பிறகு கழித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

துறைமுக_வயர்
சின்ன ஆள் என்று சொல்லாதீங்க, இந்த இழைக்கு வேண்டிய விடையே உங்களிடம்தான் இருக்கிறது. மேலே நான் எழுதிய கட்டளையில் `cum_net` என்று ஒரு நிரல் இருக்கிறது பாருங்கள். அது உங்கள் எக்ஸ் ரிப்போர்ட்டேதான். ஒவ்வொரு மணிச் செய்தியும் அந்த மணியின் தொகையோடு, நாள் தொடங்கியதிலிருந்து வந்த மொத்தத்தையும் சுமந்து வர வேண்டும்.

நிலாவெளியின் சனிக்கிழமையை எடுத்துப் பார்ப்போம். 11 மணிச் செய்தி வந்தபோது நாளின் மொத்தம் 74,300. 12, 13 வரவில்லை. 15:05க்கு 14 மணிச் செய்தி வந்தது: அந்த மணிக்கு 38,250. அதிலே நாளின் மொத்தமும் இருந்திருந்தால் 231,900 என்று இருந்திருக்கும். கழித்துப் பாருங்கள்:

```
231,900 - 74,300 - 38,250 = 119,350
```

அந்த ஒரு செய்தியோடு, வராத இரண்டு மணிக்கும் சேர்த்து 119,350 ரூபா விற்றது என்று உங்களுக்கு 15:05க்கே நிச்சயமாகத் தெரிந்திருக்கும். 16:20 வரை இருந்திருக்கத் தேவையில்லை. தெரியாதது 12க்கு எவ்வளவு, 13க்கு எவ்வளவு என்ற பங்கீடு மட்டும்தான். வானுக்கு அந்தப் பங்கீடு தேவையே இல்லை, மொத்தம் போதும். 4 மணிக்குப் புறப்படும் வானை 15:05இல் திருத்தி ஏற்ற நேரம் இருந்தது.

பங்கீடும் வேண்டுமென்றால், முந்திய சனிக்கிழமைகளில் 12க்கும் 13க்கும் இடையில் என்ன விகிதம் என்று பாருங்கள். 45க்கு 55 என்றால் 53,707, 65,643 என்று பிரியும். பிறகு உண்மையாக வந்தது 49,900, 69,450. தனித்தனியாகக் கொஞ்சம் விலகியிருக்கிறது, கூட்டினால் அதே 119,350.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. லைன் திரும்பியதும் கிளை எதை முதலில் அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. பழையதிலிருந்து வரிசையாக அனுப்பத் தேவையில்லை. கடைசி மணியை முதலில் அனுப்பட்டும், அதிலேயே மொத்தம் இருக்கிறது. டொங்கிளில் சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில் இது பெரிய வித்தியாசம்.

உப்புவெளி_சர்வீஸ்
சரி, அப்படியென்றால் போன கிழமைக் கணக்கு பங்கு பிரிக்க மட்டும். ஆனால் 14:15க்கு இந்த 231,900 வந்திருக்கவில்லையே. லைன் 15:00க்குத்தானே வந்தது? அந்த நேரத்தில் சமையலறைக்கு என்ன கொடுப்பது? கோடு போட்டால் சமைக்கிறவர் அதைப் பூச்சியம் என்றுதான் எடுப்பார்.

துறைமுக_வயர்
நியாயமான கேள்வி. 14:15க்கு மதிப்பீடுதான் கொடுக்க வேண்டும், அங்கே உங்கள் யோசனையே சரி. ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, சமையலறைக்குப் போகும் தாளும் முதலாளிக்குப் போகும் தாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சமையலறைத் தாளில் "நிலாவெளி 66,000 (ஊகம்)" என்று எழுதலாம். அவர்களுக்குத் தேவை ரொட்டி எத்தனை என்பது. முதலாளியின் தாளில் வந்த தொகை மட்டும் இருக்கட்டும், மேலே "7 கிளையில் 6 வந்தது" என்று பெரிதாக எழுதியிருக்கட்டும்.

மற்றது, ஒப்பிடும்போது வந்த கிளைகளை அவற்றின் பழைய தொகையோடு மட்டும் ஒப்பிடுங்கள். போன சனி 13 மணிக்கு ஏழு கிளையும் 412,000. இந்தச் சனி ஆறு கிளை 349,000. அப்படியே ஒப்பிட்டால் 15 வீதம் இறக்கம் என்று காட்டும், முதலாளி உடனே கோல் எடுப்பார். போன சனியிலிருந்து நிலாவெளியின் 66,000ஐக் கழித்தால் 346,000. அதோடு ஒப்பிட்டால் இந்தச் சனி கொஞ்சம் ஏற்றம்தான், ஒரு வீதத்துக்கும் குறைவு. இறக்கம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

கிண்ணியா_நானா
அஸ்ஸலாமு அலைக்கும். கணக்கெல்லாம் நல்லா இருக்கு தம்பிமார். ஆனா ஒரு விஷயத்தைத் தவறவிட்டுட்டீங்க. லைன் போறது வேற, கரண்ட் போறது வேற. லைன் போனா கடையில யாவாரம் நடக்கும், தொகை மட்டும் வராது. கரண்ட் போனா சில நேரம் யாவாரமே நடக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போச்சே, அன்றைக்குப் போன கிழமைத் தொகையை ஊகமாப் போட்டிருந்தா எல்லாக் கடைக்கும் பொய்த் தொகைதான் வந்திருக்கும்.

அதனால கிளையில ரெண்டு தனித்தனியா அறிகுறி வைக்கணும். பில் கணனி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் "உயிரோட இருக்கேன், கடைசி பில் இத்தனை மணிக்கு" என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பட்டும். ரவுட்டரை யுபிஎஸ்ஸில போட்டு, ஹெட் ஒஃபிஸில இருந்து அதைத் தனியாத் தட்டிப் பாருங்க. ரவுட்டர் பதில் சொல்லுது, கணனி சொல்லலைன்னா கணனிதான் பிரச்சினை, அல்லது கடையில கரண்ட் இல்ல. ரெண்டும் சொல்லலைன்னா லைன், இல்லாட்டி யுபிஎஸ் பற்றரியும் தீர்ந்து போச்சு. அப்ப கோல் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இப்ப பில் அடிக்கிறீங்களா?" ஓம் என்றால் ஊகம் போடலாம். கையால எழுதுறோம் என்றாலும் போடலாம். பூட்டியாச்சு என்றால் பூச்சியம்.

கையால எழுதின பில்லில இன்னொரு வில்லங்கம் இருக்கு. கரண்ட் வந்ததும் பின்னேரம் அஞ்சு மணிக்கு உட்கார்ந்து நாற்பது பில்லையும் ஒரேயடியா அடிப்பாங்க. எல்லாம் 17 மணியில விழும். மென்பொருளில பில் நேரத்தை மாத்தி அடிக்க இடம் இருக்கான்னு பாருங்க, அந்த உரிமையை மனேஜருக்கு மட்டும் கொடுங்க. கை பில் புத்தகத்தில நேரம் எழுத ஒரு கட்டம் அச்சடிக்கச் சொல்லுங்க. அது இல்லாட்டி பிறகு எவ்வளவு யோசிச்சாலும் நேரம் வராது.

ஓர்ஸ்ஹில்_கணக்கு
நானா, வெள்ளிக்கிழமையில் கிண்ணியாவும் மூதூரும் 12 மணிக்கு வருவதே இல்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வெள்ளியும் கோல் எடுக்கிறார்கள்.

கிண்ணியா_நானா
ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டி கணனியையும் நிப்பாட்டிட்டுப் போறாங்க, அதான். கணனியை நிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லுங்க, அது பூச்சியத்தைத் தானா அனுப்பும். அதோட ஹெட் ஒஃபிஸில ஒவ்வொரு கிளைக்கும் திறந்திருக்கிற நேர அட்டவணை ஒண்டு இருக்கணும். அதில இல்லாத மணிக்குப் பிந்தினதா எடுக்கவே கூடாது.

நோன்பு மாதத்தில இன்னும் கவனம். பகல் யாவாரம் விழுந்து, இஃப்தாருக்கு முன்னம் ஒரு மணித்தியாலத்தில கொட்டும். போன கிழமை அதே மணி என்ற ஊகம் நோன்பின் முதல் கிழமையில பிழைக்கும், பெருநாள் முடிஞ்ச முதல் கிழமையிலயும் பிழைக்கும். போன வருஷத்தைப் பார்க்கிறதென்றாலும் அதே திகதியைப் பார்க்க வேண்டாம், நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். எத்தனையாவது நோன்பு என்று எண்ணிப் பாருங்க.

ஓர்ஸ்ஹில்_கணக்கு
அட்டவணை போடுகிறேன். இன்னொன்று, இதற்கும் பிந்துவதற்கும் சம்பந்தம் இருக்கா தெரியவில்லை. உட்துறைமுக வீதிக் கடையின் நாள் மொத்தம் சதம் பிசகாமல் சரி. ஆனால் மணி மணியாகப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. கடையின் தாளில் 12 மணிக்கு உச்சம், எங்கள் தாளில் அந்த உச்சம் இரண்டு மணிக்கும் பரவிக் கிடக்கு. அந்தக் கடை மட்டும் பில் பில்லாக அனுப்புகிறது, மணியை எங்கள் சேர்வர்தான் கூட்டுது.

துறைமுக_வயர்
சம்பந்தம் இல்லை, ஆனால் பிந்துவது போலவே தோற்றம் தரும். உங்கள் சேர்வர் யூடிசி நேரத்தில் மணியை வெட்டுகிறது. எங்கள் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னே. முழு மணி வித்தியாசமாக இருந்தால் பெட்டிகள் நகர்ந்திருக்கும், உடனே கண்ணில் படும். இந்த அரை மணியால் பெட்டி நடுவே பிளக்கிறது. 12:10 பில் யூடிசியில் 06:40, அது 6ஆம் பெட்டி. 12:40 பில் 07:10, அது 7ஆம் பெட்டி. ஒரே மதிய நேரம் இரண்டாகப் போய்விடும். நாள் மொத்தம் சரியாக இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலில் மாற்றி, பிறகு வெட்டுங்கள்:

```sql
SELECT HOUR(CONVERT_TZ(bill_time,'+00:00','+05:30')) AS hr,
       SUM(net)
FROM bills GROUP BY hr;
```

`'Asia/Colombo'` என்று பெயர் போட்டு எழுதலாம், ஆனால் அந்தச் சேர்வரில் நேர வலய அட்டவணைகளை ஏற்றியிருக்காவிட்டால் விடை `NULL` என்று வரும். எல்லா விற்பனையும் பெயரில்லாத ஒரே பெட்டிக்குள் விழும்.

முடியுமென்றால் மணியைக் கிளையே வெட்டி அனுப்பட்டும். அப்போது கிளையின் மணிக்கூடு சரியாக இருக்க வேண்டும். பழைய கணனிகளில் தாய்ப்பலகையின் சிஆர் 2032 பற்றரி இறந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் மணிக்கூடு பல வருடம் பின்னால் போய் நிற்கும். லைனும் இல்லாத நேரம் அப்படி ஏறினால் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்தவும் வழியில்லை. பழைய திகதியில் பில் அடித்துக்கொண்டே போகும், பிறகு அந்தத் தொகை என்றோ ஒரு வருடத்தின் பெட்டிக்குள் வரும். ஒரு கிளையிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் பழைய `biz_date` வந்தால் அப்படியே ஏற்காமல் தனியாக நிறுத்திவைத்து ஆள் பார்க்க வேண்டும்.

பேரேடு
கணக்குப் பக்கத்திலிருந்து ஒன்று. மேல் எழுதுவது, திருத்த இலக்கம் எல்லாம் சரி. ஆனால் 13:40க்கு அடித்த 6,800 ரூபா பில்லை 19:15க்கு ரத்துச் செய்தால், உங்கள் முறையில் 13ஆம் மணி திரும்பக் கூட்டப்பட்டு 6,800 குறைந்து புது `rev` வரும். மத்தியானம் முதலாளி பார்த்த தொகை இரவில் மாறியிருக்கும். நான் அதை ஏற்க மாட்டேன். ரத்து நடந்தது 19 மணிக்கு, அதை 19ஆம் மணியில் கழிவாகக் காட்ட வேண்டும். யார் எப்போது ரத்துச் செய்தார் என்பது அப்போதுதான் கண்ணில் படும். பழைய மணிக்குள் கொண்டுபோய்க் கரைத்தால் களவும் அதிலேயே கரையும்.

உப்புவெளி_சர்வீஸ்
எனக்கு அது சரிவராது. 13 மணிக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த சனிக்கு ஆள் போடுகிறோம். பிழையாக இரண்டு தரம் அடித்த பில்லை ரத்துச் செய்தால் அது 13 மணியிலிருந்து போக வேண்டும். 19 மணியில் கழித்தால் இரண்டு மணியும் பிழை.

துறைமுக_வயர்
இதில் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன், இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்கு விடை தேடுகிறீர்கள். மென்பொருள் தரப்பில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எந்த விதியை எடுத்தாலும் `cum_net`உம் அதே விதியில் இருக்க வேண்டும். பேரேடு சொல்வது போல 19ஆம் மணியில் கழித்தால், பழைய மணிகள் அப்படியே நிற்கும், மொத்தம் அந்த இடத்தில் குறையும், கூட்டல் சரிவரும். 13ஆம் மணியைத் திருத்தினால் 13இலிருந்து பிறகு வந்த எல்லா மணியின் `cum_net`உம் மாறும், அவை எல்லாவற்றையும் கிளை புது `rev`வோடு திரும்ப அனுப்ப வேண்டும். ஒரு மணியை மட்டும் திருத்தி அனுப்பினால், நான் மேலே காட்டிய கழித்தலில் 6,800 ரூபா எங்கோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் தெரியும்.

பேரேடு
ரத்தை 19இல் வைத்து, அதன் மூல பில் நேரத்தையும் கூட அனுப்பினால் உப்புவெளி தன் தாளில் வேண்டிய மணியில் கழித்துக்கொள்ளலாம்.

உப்புவெளி_சர்வீஸ்
எங்கள் மென்பொருள் ரத்தோடு மூல நேரத்தை அனுப்புதா என்று பார்க்க வேண்டும். பில் இலக்கம் மட்டும்தான் வருது என்று நினைக்கிறேன்.

துறைமுக_வயர்
பில் இலக்கம் வந்தால் போதும், நேரத்தை அதிலிருந்து எடுக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த இலக்கம் மேசைக்கு ஓடர் எடுக்கும்போது விழுகிறதா, காசு வாங்கும்போது விழுகிறதா? உப்புவெளியில் வெளிநாட்டவர் இரண்டு மணித்தியாலம் இருந்து சாப்பிடுவார்கள். ஓடரில் விழும் இலக்கமென்றால் அது 19 மணிக்குரியதாக இருக்கும், காசு 21இல் வந்திருக்கும். காசு வாங்கும்போது விழும் இலக்கத்தை எடுத்தால், ஒரு மணியின் முதல், கடைசி இலக்கத்தையும் செய்தியில் சேர்க்கலாம். 1041இலிருந்து 1077 வரை என்றால் 37 பில் இருக்க வேண்டும். அடுத்த மணி 1078இல் தொடங்காமல் 1120இல் தொடங்கினால் நடுவில் 42 பில் இன்னும் வரவில்லை.

ஓர்ஸ்ஹில்_கணக்கு
எங்களுடையது ஓடர் எடுக்கும்போதே விழுது. காசு வாங்கும்போது தனியாக ரசீது இலக்கம் ஒன்றும் அச்சாகிறது, அதை அனுப்பச் சொல்லி மென்பொருள்காரரிடம் கேட்கிறேன். ரத்து விஷயத்தை முதலாளியிடம் இரண்டு விதமாகவும் ஒரே நாளின் தாளைக் காட்டிக் கேட்க வேண்டியிருக்கு. அதுவரை 19இலேயே நிற்கட்டும்.